பேச்சு எழுத்தாகும்போது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுக்கோட்டைப் பக்கம் வரலாற்றுக் கூட்டங்களில் பேசுவதைக் கைபேசியில் பதிந்து, விஸ்பர் போன்ற மென்பொருளில் கொடுத்து எழுத்தாக்குவது இப்போது எளிது. பிழை நுழைவதும் அங்கேதான். சித்தன்னவாசலைப் பற்றிய ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: எழுத்துப்பிழை இல்லையென்றால் உரை சரியாக இருக்கிறது.

உண்மை: மென்பொருள் பெரும்பாலும் தவறான சொல்லையே பிழையில்லாமல் எழுதும். 'சித்தன்னவாசல்' என்பது 'சித்தன் அன்னவாசல்' என்று வரலாம். அன்னவாசல் பக்கத்திலேயே இருக்கும் ஊர் என்பதால் படிப்பவருக்குச் சந்தேகம் வராது. சமணர் படுக்கைகள் உள்ள 'ஏழடிப்பட்டம்' 'ஏழடி பட்டம்' ஆகலாம். 'அறிவர் கோயில்' 'அரிவர் கோயில்' ஆகலாம். பேசியவரிடம் ஊர், ஆள், கல்வெட்டுப் பெயர்களை முன்கூட்டியே கேட்டு வாங்கி, மென்பொருளுக்கும் கொடுங்கள்:

```
whisper urai.mp3 --language Tamil --initial_prompt "சித்தன்னவாசல், ஏழடிப்பட்டம், அறிவர் கோயில், இளங்கௌதமன்"
```

இந்தக் குறிப்பு பேச்சின் தொடக்கத்தில்தான் நன்றாக உதவும். பின்பகுதியில் ஒவ்வொரு பெயரையும் அதன் திரிந்த வடிவங்களோடு தேடித் திருத்த வேண்டும்.

நம்பிக்கை: மென்பொருள் சொல்லை விடலாம், இல்லாததைச் சேர்க்காது.

உண்மை: சேர்க்கும். விஸ்பர் ஒலியை 30 நொடித் துண்டுகளாக எடுத்து, அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து எழுதுகிறது. கைதட்டல், மைக் மாற்றும் நேரம், படம் காட்டும்போது வரும் மௌனம் ஆகியவற்றில் யாரும் சொல்லாத வரி முளைப்பது உண்டு. ஒரே வாக்கியம் மூன்று நான்கு முறை திரும்ப வந்தாலோ, பேச்சின் நடுவில் திடீரென நன்றியுரை தென்பட்டாலோ, நேரக்குறிப்பைப் பார்த்து அந்த இடத்தை மட்டும் ஒலியில் கேளுங்கள். குரல் இல்லையென்றால் வரியை நீக்கிவிடலாம்.

நம்பிக்கை: பேச்சுத்தமிழை வெட்டிச் சுருக்கினால் உரை சுத்தமாகிவிடும்.

உண்மை: நிரப்புச் சொல்லாக வரும் 'வந்து', 'அதாவது' போகலாம். ஆனால் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றிப் பேச்சாளர் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "முதல்ல இந்த ஓவியம் மகேந்திரவர்மன் காலத்துதுன்னு நினைச்சாங்க. அப்புறம் இளங்கௌதமன் புதுப்பிச்சான்னு சொல்ற கல்வெட்டைப் பாத்து, பாண்டியர் காலம், 9ஆம் நூற்றாண்டுன்னு வந்தாங்க." இதில் 'ன்னு நினைச்சாங்க' என்பதை வெட்டினால், பேச்சாளர் மறுத்த கருத்தே அவர் கருத்தாகிவிடும். 'என்று முதலில் கருதினார்கள்' என எழுத்துநடைக்கு மாற்றுங்கள், வெட்டாதீர்கள். 'என்கிறார்கள்', 'இருக்கலாம்', 'இல்லை' ஆகியவை வரும் ஒவ்வோர் இடத்தையும் ஒலியோடு ஒப்பிடுவது அவசியம்.

திருத்திய உரையைப் பேசியவரிடம் ஒருமுறை காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அச்சான பிறகும் ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். நாளை ஒரு பெயரிலோ ஆண்டிலோ ஐயம் எழுந்தால், அதைத் தீர்க்கும் சான்று அது ஒன்றுதான்.