கெஸ்ட் ரிலேஷன்ஸ் ஆபீசர் இன்டர்வியூ: சிவகாசி ஹோட்டலில் கேட்கக்கூடிய 5 கேள்விகள், தமிழில் மாதிரி பதில்கள்

விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஹோட்டல் வேலைக்கு முயற்சி செய்கிறவர்களுக்காக இந்தப் பதிவு. ரிசப்ஷனில் ஒன்றிரண்டு வருஷம் இருந்துவிட்டு அடுத்த படிக்குப் போக நினைப்பவர்கள், வேறு துறையிலிருந்து மாற நினைப்பவர்கள், ரெண்டு பேருக்கும் இது உதவும்.

கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் இதை ஏன் எழுதுகிறார் என்று கேட்கலாம். இந்த வேலையில் வருகிற சண்டைகளில் பாதி பில்லைப் பற்றியதுதான். கடைசிக் கேள்வி உங்கள் சம்பளத்தைப் பற்றியது. அதனால்தான்.

முதலில் ஒன்றைப் புரிஞ்சுக்கோங்க. கேள்வி கேட்பவர் உங்கள் சிரிப்பையும் பேச்சையும் முதல் ரெண்டு நிமிஷத்திலேயே பார்த்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் தேடுவது ஒன்றைத்தான்: கோபமாக நிற்கும் விருந்தினரைச் சமாதானம் செய்ய, உங்களுக்கு அதிகாரம் இல்லாத ஒன்றை வாக்குக் கொடுத்துவிடுவீர்களா? கீழே உள்ள கேள்விகள் எல்லாமே சுற்றி வளைத்து இதைத்தான் கேட்கின்றன.

கேள்வி 1: ரிசப்ஷனிஸ்ட் வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இது சுலபமான கேள்வி, சுருக்கமாகச் சொன்னால் போதும்.

மாதிரி பதில்: "ரிசப்ஷனில் செக்-இன், செக்-அவுட், பணம் வாங்குவது, சாவி கொடுப்பது நடக்கும் சார். கெஸ்ட் ரிலேஷன்ஸ் ஆபீசர் விருந்தினர் வருவதற்கு முன்பிருந்து கிளம்பிய பிறகு வரைக்கும் பொறுப்பு. யார் வருகிறார், எதற்கு வருகிறார், போன தடவை என்ன குறை சொன்னார் என்று தெரிஞ்சு வைத்திருக்கணும். குறை வந்தால் எந்தத் துறை சரிசெய்யணுமோ அவர்களிடம் கொண்டுபோய், முடியும் வரை பின்தொடரணும்."

இதோடு உள்ளூர் விஷயம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்க. சிவகாசிக்கு யார் எப்போது வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே? தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு வியாபாரிகள் வருவார்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் காலண்டர் ஏஜெண்டுகள் வருவார்கள். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குக் குடும்பங்கள் வரும். இதைச் சொன்னால், ஊரைத் தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

கேள்வி 2: ராஜஸ்தான் வியாபாரி ஒருவர் "பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. போடுங்க" என்று சண்டை போடுகிறார். என்ன செய்வீர்கள்?

பல பேர் தடுமாறுவது இங்கேதான். ஒரு கணக்கோடு பார்ப்போம்.

அறை வாடகை ஒரு நாளுக்கு 2,800 ரூபாய், 3 நாள் தங்கியிருக்கிறார். வாடகை 8,400 ரூபாய். ஒரு அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால், 22 செப்டம்பர் 2025 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். இந்த 7,500 ஒரு நாளுக்கான கணக்கு, மொத்த பில்லுக்கு இல்லை. அதனால் 8,400 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். வரி 420 ரூபாய். அது மத்திய ஜி.எஸ்.டி. 210, மாநில ஜி.எஸ்.டி. 210 என்று ரெண்டாகப் பிரிந்து பில்லில் வரும். மொத்தம் 8,820.

வியாபாரி சொல்வார்: "காலையில் இதே ஊரில் பட்டாசு வாங்கினேன். அந்த பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. போட்டார்கள், என் கம்பெனி அந்த வரியைக் கழித்துக்கொள்ளும். நீங்கள் மட்டும் ஏன் மாற்றிப் போடுகிறீர்கள்?"

அவர் கேட்பதில் நியாயம் இருப்பது போலத் தெரியும். ஆனால் பட்டாசு ஒரு சரக்கு. அது சிவகாசியிலிருந்து ராஜஸ்தானுக்குப் போகிறது, மாநிலம் தாண்டுகிறது, அதனால் ஐ.ஜி.எஸ்.டி. அறை எங்கேயும் போகவில்லை. ஹோட்டலில் தங்குவதற்கு, கட்டடம் எங்கே இருக்கிறதோ அதுதான் சேவை நடந்த இடம் என்று சட்டம் சொல்கிறது. ஹோட்டலும் தமிழ்நாட்டில், சேவையும் தமிழ்நாட்டில். விருந்தினர் எந்த மாநிலத்துக்காரர் என்றாலும் மத்திய வரி, மாநில வரி என்றுதான் பில் போட முடியும். ராஜஸ்தானில் மட்டும் பதிவு செய்த கம்பெனியால் இந்த 420 ரூபாயைக் கழித்துக்கொள்ள முடியாது.

தப்பான பதில்: "அக்கவுண்ட்ஸ்ல சொல்லி மாத்தித் தரச் சொல்றேன் சார்." இப்படிச் சொல்லி மாற்றினால், ஹோட்டல் தப்பான தலைப்பில் வரி கட்டியதாகிவிடும். பிறகு சரியான தலைப்பில் மறுபடியும் கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு அலையணும். மாற்றாமல் விட்டால் வாக்குத் தவறிய பெயர் உங்களுக்கு.

மாதிரி பதில்: "சார், முதலில் அவரை உட்கார வைத்து, அவர் கேட்பதை முழுசாகக் கேட்பேன். பிறகு, 'நீங்கள் வாங்கிய சரக்கு உங்கள் ஊருக்குப் போகிறது, அதனால் அந்த வரி. அறை இங்கேயே இருக்கிறது, அதனால் இந்த வரி. இதை மாற்றுகிற அதிகாரம் எங்கள் யாருக்கும் இல்லை சார்' என்று சொல்வேன். அதோடு, 'உங்கள் கம்பெனிக்குத் தமிழ்நாட்டிலும் ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறதா? 33-ல் தொடங்கும் எண் இருந்தால் கொடுங்க, அந்தப் பெயரில் பில் போடலாமா என்று கேட்டுச் சொல்கிறேன்' என்று கேட்பேன். அது இல்லையென்றால், கம்பெனி பெயரும் அவர்களுடைய எண்ணும் பில்லில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பேன். 8,820 ரூபாயும் அவர்கள் கணக்கில் தொழில் செலவாகக் காட்ட உதவும்."

ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் ரெண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கு 33, ராஜஸ்தானுக்கு 08. இந்த ஒன்று தெரிந்திருந்தாலே மேனேஜர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

கேள்வி 3: விருந்தினர் பட்டாசு சாம்பிள் பெட்டிகளோடு அறைக்குப் போகிறார். தடுப்பீர்களா?

மற்ற ஊரில் கேட்க வாய்ப்பில்லாத கேள்வி, இங்கே கேட்கலாம். பட்டாசு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருவது. அதை வைத்திருக்கத் தனி விதிகள் உண்டு. ஹோட்டல் அறையில் ஒருவர் சிகரெட் பிடிக்கலாம், கொசுவத்தி ஏற்றலாம். பெட்டி சின்னது, வந்தவர் பெரிய பார்ட்டி என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

மாதிரி பதில்: "லிஃப்டுக்குப் போவதற்கு முன்பே மரியாதையாக நிறுத்துவேன் சார். 'அறையில் பட்டாசு வைக்க அனுமதி இல்லை சார், உங்களுடைய பாதுகாப்புக்கும்தான்' என்று சொல்லி, வாங்கிய கடை அல்லது கம்பெனியிலேயே வைத்திருக்கச் சொல்லிப் பேச உதவுவேன். ஹோட்டல் ஸ்டோர் ரூமில் நான் வாங்கி வைக்க மாட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டியூட்டி மேனேஜரைக் கூப்பிடுவேன். ரயிலில் ஊருக்குப் போகிறவராக இருந்தால், ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம் என்பதையும் சொல்லிவிடுவேன்."

"ஸ்டோர் ரூமில் வாங்கி வைக்க மாட்டேன்" என்ற வரிதான் முக்கியம். உதவி செய்கிற ஆசையில் பல பேர் "நான் கீழே வாங்கி வைக்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் ஆபத்து அறையிலிருந்து ஸ்டோருக்கு இடம் மாறுகிறது, பொறுப்பு ஹோட்டல் தலையில் வந்து விழுகிறது.

கேள்வி 4: புக்கிங் உறுதியான குடும்பம் இரவு 10 மணிக்கு வருகிறது. அறை காலி இல்லை. இப்போது?

மாதிரி பதில்: "முதலில் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். வர வேண்டியவர்கள் வராத அறை, ரிப்பேருக்காக மூடிய அறை ஏதாவது தயாராகுமா என்று ஹவுஸ்கீப்பிங்கில் கேட்பேன். இல்லையென்றால், அவர்களிடம் சொல்வதற்கு முன்பே பக்கத்து ஹோட்டலில் இதே தரத்தில் அறையைப் பிடித்து வைப்பேன். மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் போய், 'தவறு எங்களுடையது சார். இந்த ஹோட்டலில் அறை தயாராக இருக்கிறது, வண்டி வெளியே நிற்கிறது' என்று சொல்வேன். மறுநாள் காலையில் போன் செய்து விசாரிப்பேன். நடந்ததை லாக் புக்கில் எழுதி வைப்பேன்."

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. நம் அறை 2,800, அங்கே 3,400 என்றால் வித்தியாசம் 600. வண்டிக்கு 200. வரியை விட்டுப் பார்த்தால் 800 ரூபாய் ஹோட்டல் ஏற்கணும். விருந்தினர் தான் ஒத்துக்கொண்ட 2,800-க்கு மேல் கொடுக்கக் கூடாது.

இங்கே நீங்களே ஒரு கேள்வி கேளுங்க: "சார், மேனேஜரைக் கேட்காமல் நான் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று வரம்பு வைத்திருக்கிறீர்களா?" வரம்பு இருந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்க. அது இல்லாத இடத்தில், நல்லெண்ணத்தில் கொடுத்த தள்ளுபடி மாசக் கடைசியில் உங்கள் சம்பளத்தில் பிடித்தமாக வந்து நிற்கலாம்.

கேள்வி 5: எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?

விருந்தினரிடம் தெளிவாகப் பேசியவர்கள்கூட இங்கே வந்ததும் "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்" என்று விட்டுவிடுவார்கள். வேண்டாம். அவர்கள் "மாசம் 17,000 சி.டி.சி." என்று சொன்னால் கைக்கு எவ்வளவு வரும் என்று பாருங்க.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,800 ரூபாய், வேறு படி இல்லை என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,776 ரூபாய், உங்களிடம் பிடிப்பார்கள். அதே அளவு முதலாளியும் கட்டணும். இ.எஸ்.ஐ. உங்களிடம் 0.75 சதவீதம், 111 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 481 ரூபாய். முதலாளி கட்டும் ரெண்டையும் 14,800-உடன் கூட்டினால் 17,057. அதுதான் அவர் சொன்ன 17,000. உங்கள் பிடித்தம் ரெண்டையும் கழித்தால் கைக்கு வருவது 12,913. பி.எஃப். நிர்வாகக் கட்டணம் போன்ற சின்னத் தொகைகளை விட்டுவிட்டேன்.

பி.எஃப். வீணாகப் போகவில்லை, உங்கள் பெயரில்தான் சேர்கிறது. முதலாளி பங்கில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும். ஆனால் வீட்டு வாடகையும் பஸ் செலவும் 12,913-க்குள்தான் அடங்கணும்.

"சர்வீஸ் சார்ஜில் பங்கு உண்டு, அது தனி" என்றும் சிலர் சொல்வார்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆக, அந்தப் பங்கை நிரந்தர வருமானமாகக் கணக்கில் எடுக்காதீங்க.

மாதிரி பதில்: "சார், கைக்கு மாசம் 14,000 வரணும் என்று எதிர்பார்க்கிறேன். சீசனில் கூடுதல் நேரம் இருப்பேன், அதற்கு ஓவர்டைம் எப்படி என்று தெரிந்தால் நல்லது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிரித்துக் காட்டிய சம்பள விவரத்தை ஆஃபர் லெட்டரோடு கொடுத்தால், பார்த்துவிட்டு நாளைக்கே பதில் சொல்கிறேன்."

இப்படிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படாதீங்க. ராஜஸ்தான் வியாபாரியிடம் பில்லைப் பிரித்து விளக்கத் தெரிந்தவர், தன் சம்பளத்தையும் பிரித்துக் கேட்பார் என்று மேனேஜருக்குத் தெரியும். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் இந்த ரெண்டு கணக்கையும், 8,820-ஐயும் 12,913-ஐயும், ஒரு பேப்பரில் நீங்களே போட்டுப் பாருங்க. பார்க்காமல் சொல்ல வந்துவிட்டால் நீங்கள் தயார்.