அனுப்பியவர் யார்? – போலிக் கோரிக்கையும் டோக்கன் காப்பும்

நுழையும்முன்

ஒரு கடிதத்தில் வீட்டு முத்திரை இருந்தால், அதை அந்த வீட்டார்தாம் எழுதினார்கள் என்று கருதுவது இயல்பு. முத்திரை இடும் பணியாள், கடிதத்தை எழுதியவர் யார் என்று பாராமல், முகவரியை மட்டும் பார்த்து முத்திரை இட்டால் என்னவாகும்? இணைய உலவி அத்தகைய பணியாள்தான். அதன் இவ்வியல்பால் விளையும் தீங்கையும் அதைத் தடுக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

நினைவற்ற வழங்கியும் குக்கீயும்

உலவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது; வழங்கி அதை அனுப்புகிறது. அத்துடன் உரையாடல் முடிந்துவிடுகிறது. அடுத்த நொடியே அதே உலவி மீண்டும் கேட்டாலும், முன்பு கேட்டதும் இதுதான் என்பதை வழங்கி அறியாது. இணையத்தின் அடிப்படை நெறிமுறை இவ்வாறே வகுக்கப்பட்டது. இக்குறையைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுலி 1994ஆம் ஆண்டில் குக்கீ என்னும் முறையை உருவாக்கினார்.

பயனர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து உள்நுழைந்ததும், வழங்கி ஒரு குறியீட்டை அனுப்புகிறது. உலவி அதைத் தளத்தின் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. பின்னர் அத்தளத்திற்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அக்குறியீட்டைத் தானாகவே இணைத்து அனுப்புகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் செல்லும்போதெல்லாம் கடவுச்சொல்லைக் கேட்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. குக்கீயை இணைக்கும்போது உலவி பார்த்தது, கோரிக்கை எங்கே போகிறது என்பதை மட்டுமே. அது எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது என்பதைப் பார்க்கவில்லை. ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தின் படத்தைக் காட்டலாம். வேறொரு தளத்திற்குப் படிவத்தையும் அனுப்பலாம். இந்தத் திறந்த தன்மையும், கேளாமலே குக்கீயை இணைக்கும் வழக்கமும் சேரும் இடத்தில்தான் இடர் பிறக்கிறது.

ஒரு நிகழ்வு

விளக்கத்திற்காகக் கற்பனையான நிகழ்வு ஒன்றைக் காண்போம். சிதம்பரத்தில் வாழும் மாணவி ஒருவர் கடலூரில் உள்ள கல்லூரியில் படிக்கிறார். கல்வி உதவித்தொகை வரவேண்டிய வங்கிக் கணக்கு எண்ணைக் கல்லூரியின் தளத்தில் பதிவு செய்திருக்கிறார். கட்டணம் செலுத்துவதும் அதே தளத்தில்தான். ஒருநாள் மாலை அவர் உள்நுழைந்தபோது வழங்கி அனுப்பிய குக்கீ இது:

```
Set-Cookie: sessionid=7c1e90ab; SameSite=None; Secure
```

வேலை முடிந்ததும் அவர் வெளியேறவில்லை; தாவலை அப்படியே விட்டுவிட்டார். சிறிது நேரத்தில் தோழியர் குழுவிற்கு ஓர் இணைப்பு வந்தது. மதிப்பெண் பட்டியல் என்று அதில் எழுதியிருந்தது. அவர் அதைத் தொட்டார். திறந்த பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது இது:

```html
<form action="https://kalloori.example/vangi" method="post">
  <input type="hidden" name="kanakku" value="000111222">
</form>
<script>document.forms[0].submit()</script>
```

முதல் வரி, படிவம் எங்கே செல்லவேண்டும் என்பதைச் சொல்கிறது: அது கல்லூரியின் முகவரி. இரண்டாம் வரியில் இருப்பது ஏமாற்றுபவரின் கணக்கு எண். கடைசி வரி, யாரும் பொத்தானை அழுத்தாமலே படிவத்தை அனுப்பிவிடுகிறது. கோரிக்கை கல்லூரிக்குப் போவதால், உலவி மாணவியின் குக்கீயை உடன் இணைக்கிறது. வழங்கி குக்கீயைப் பார்க்கிறது. உரிய மாணவியே கேட்கிறார் என்று கருதுகிறது. கணக்கு எண்ணை மாற்றுகிறது. அடுத்த தவணை உதவித்தொகை வேறொருவர் கணக்கிற்குச் சென்றுவிடும்.

இதுவே தளம் கடந்த போலிக் கோரிக்கை எனப்படுகிறது. ஏமாற்றுபவர் மாணவியின் கடவுச்சொல்லை அறியவில்லை, குக்கீயையும் பார்க்கவில்லை. எனவே, 'கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லவில்லையே' என்று மாணவி கூறுவது முற்றிலும் உண்மை. ஆயினும் கல்லூரியின் பதிவேட்டில் மாணவியின் பெயரும், அவருடைய கைப்பேசியின் இணைய முகவரியும், செல்லத்தக்க குக்கீயும் இருக்கும். 'நீரே மாற்றியிருக்கிறீர்' என்று அலுவலகம் சொல்வதற்கு இவை போதும். பணத்தோடு நம்பகத்தன்மையும் பறிபோவது இத்தாக்குதலின் கொடுமை.

உண்மையை அறிய வழி உண்டு. பிற தளத்திலிருந்து இவ்வாறு படிவம் வரும்போது, அது எங்கிருந்து எழுந்தது என்பதையும் உலவி தெரிவிக்கிறது. வழங்கி அதைப் பதிந்து வைத்திருந்தால் இவ்வாறு காணப்படும்:

```
POST /vangi
Origin: https://mathippen.example
Cookie: sessionid=7c1e90ab
```

கல்லூரிப் பக்கத்தில் எழுந்த கோரிக்கையாயின், இரண்டாம் வரியில் கல்லூரியின் முகவரியே இருந்திருக்கும்.

> தெரிந்து தெளிவோம்
>
> அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் செல்லர், எட்வர்டு ஃபெல்டன் ஆகியோர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஐ.என்.ஜி. டைரக்ட் வங்கியின் தளத்தில் இக்குறை இருந்ததைக் காட்டினர். பயனரின் பெயரில் புதிய கணக்கைத் தொடங்கவும் பணத்தை மாற்றவும் அதனால் இயன்றது. அவ்வங்கித் தளம் மறையாக்கப்பட்ட இணைப்பையே பயன்படுத்தியது. மறையாக்கம் வழியில் ஒட்டுக் கேட்பதைத் தடுக்குமேயன்றி, உலவியே அனுப்பும் போலிக் கோரிக்கையைத் தடுக்காது. ஆய்வாளர்கள் தெரிவித்தபின் அக்குறை நீக்கப்பட்டது.

டோக்கன் தடுப்பது எவ்வாறு?

ஏமாற்றுபவரின் பக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. அது பிற தளத்திற்குக் கோரிக்கையை அனுப்பலாம். ஆனால் அங்கிருந்து வரும் பக்கத்தைப் படிக்க இயலாது. ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் பக்கத்தைப் படிப்பதை உலவி தடுக்கிறது. அஞ்சல் பெட்டியில் கடிதத்தைப் போடலாம்; பெட்டியைத் திறந்து பிறர் கடிதத்தைப் படிக்கமுடியாது என்பது போன்றது இது. காப்பு முறை இவ்வெல்லையின்மீதே கட்டப்பட்டுள்ளது.

மாணவி கணக்கு எண்ணை மாற்றும் பக்கத்தைத் திறக்கும்போது, வழங்கி தற்போக்கான நீண்ட குறியீடு ஒன்றை உருவாக்குகிறது. இதுவே டோக்கன். அதை மாணவியின் உள்நுழைவோடு இணைத்துத் தன்னிடம் குறித்துக்கொண்டு, படிவத்திற்குள் மறைவாக வைத்து அனுப்புகிறது. மாணவி படிவத்தை நிரப்பி அனுப்பும்போது டோக்கனும் உடன் வருகிறது. வழங்கி இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டுமே மாற்றத்தைச் செய்கிறது.

இப்போது அதே போலிப் பக்கம் மீண்டும் முயல்கிறது என்று கொள்வோம். குக்கீயை உலவி இணைக்கும். டோக்கனை உலவி இணைக்காது. படிவத்தை எழுதியவரே அதை எழுதியிருக்கவேண்டும். கல்லூரியின் பக்கத்தைப் படிக்க இயலாததால் ஏமாற்றுபவருக்கு அது தெரியாது. ஊகித்துச் சொல்லவும் இயலாது. டோக்கன் 128 பிட் நீளமுடையதாயின், அதற்குரிய வாய்ப்புகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்ட எண் ஆகும். எனவே வழங்கி 403 என்னும் மறுப்பை அனுப்பும். குக்கீ 'யாருடைய உலவி' என்பதைச் சொல்கிறது. டோக்கன் 'எந்தப் பக்கத்தில் எழுந்த கோரிக்கை' என்பதைச் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

காப்பில் நேரும் பிழைகள்

டோக்கன் படிவத்தில் இருப்பதனாலேயே காப்பு அமைந்துவிடாது. சில தளங்களில், டோக்கன் வந்தால் மட்டும் ஒப்பிட்டு, வராவிட்டால் விட்டுவிடுமாறு நிரல் எழுதப்பட்டிருக்கும். அந்நிலையில் ஏமாற்றுபவர் டோக்கனே இல்லாத படிவத்தை அனுப்பினால் போதும். வேறு சில தளங்களில், டோக்கன் குறிப்பிட்ட உள்நுழைவோடு இணைக்கப்பட்டிராது. ஏமாற்றுபவர் தம் பெயரில் உள்நுழைந்து பெற்ற டோக்கனையே போலிப் படிவத்தில் வைத்துவிடுவார். ஆகவே தளத்தை உருவாக்குவோர் மூன்று சோதனைகளைச் செய்யவேண்டும். டோக்கனை நீக்கி அனுப்புதல், ஓர் எழுத்தை மாற்றி அனுப்புதல், மற்றொரு பயனரின் டோக்கனை வைத்து அனுப்புதல் என்பன அவை. மூன்றிலும் மறுப்பு வரவேண்டும்.

டோக்கனுக்கும் எல்லை உண்டு. கல்லூரித் தளத்திற்குள்ளேயே பிறர் தம் நிரலைப் புகுத்த வழியிருந்தால், அந்நிரல் அத்தளத்தின் பக்கமாகவே கருதப்படும், டோக்கனையும் படித்துவிடும். அக்குறையைத் தனியே நீக்கவேண்டும்.

உலவியின் புதிய வழக்கம்

குக்கீ பிற தளத்துக் கோரிக்கைகளோடு செல்லலாமா என்பதை வழங்கியே குறிப்பிடும் வசதி `SameSite` எனப்படும். அவ்வாறு ஏதும் குறிப்பிடாத குக்கீயைப் பிற தளத்துப் படிவங்களோடு பொதுவாக அனுப்பாத வழக்கத்தை, 2020ஆம் ஆண்டில் குரோம் உலவி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதனால் இத்தாக்குதல் பெரிதும் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை. மேற்கண்ட நிகழ்வில் குக்கீயில் `SameSite=None` என்று இருந்ததை நினைவுகூர்க. எங்கிருந்து வந்தாலும் இணைக்கலாம் என்பது அதன் பொருள்.

கல்லூரி அவ்வாறு அமைத்ததற்கும் காரணம் இருந்தது. கட்டணம் செலுத்தும் மாணவர் வேறொரு நிறுவனத்தின் பணப்பரிமாற்றப் பக்கத்திற்குச் சென்று, அங்கிருந்து படிவத்தின் வழியே திரும்பி வருகிறார். குக்கீ வராவிட்டால் கல்லூரித் தளம் அவரை அறியாமல் மீண்டும் உள்நுழையச் சொல்லும். அத்தொல்லையைத் தவிர்க்கத் திறந்த வாயில், போலிக் கோரிக்கைக்கும் வழியாயிற்று. உலவியின் வழக்கம் எவ்வாறு இருப்பினும், கணக்கு எண்ணை மாற்றும் படிவத்தில் டோக்கன் இருந்திருந்தால் மாணவியின் உதவித்தொகை அவருக்கே கிடைத்திருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. குக்கீயை இணைக்கும்போது உலவி எதைப் பார்க்கிறது? எதைப் பார்ப்பதில்லை?
2. மாணவி தம் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், முன்பே மாற்றப்பட்ட கணக்கு எண் பழைய நிலைக்குத் திரும்பியிருக்குமா? காரணம் கூறுக.
3. எல்லாப் பயனர்க்கும் ஒரே டோக்கனை வழங்கும் தளத்தில் காப்பு எவ்வாறு சிதையும் என்பதை விளக்குக.
4. கல்லூரி அலுவலகத்திற்கு மாணவி எழுதும் முறையீட்டுக் கடிதத்தை, பதிவேட்டில் காணவேண்டிய சான்றைக் குறிப்பிட்டு எழுதுக.