வெளியில் வைத்த பால் சாயங்காலம் வரை திரியவில்லை: மருந்து கலந்திருப்பார்களா?

கேள்வி: பல வருடமாகக் கேனில் பால் கொண்டுவந்து ஊற்றும் ஒருவரிடம்தான் வாங்குகிறோம். இந்தக் கோடையில் ஒரு நாள் காய்ச்ச மறந்து, காலையில் வாங்கிய பச்சைப் பாலை வெளியிலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் திரியவே இல்லை. அதே வாரத்தில் இரண்டு முறை தயிரும் சரியாக உறையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஹைட்ரஜன் பெராக்சைடு என்கிறார், என் கணவர் ஃபார்மலின் என்கிறார். 2017-ல் அமைச்சரே இப்படிச் சொன்னாரே! வீட்டில் கண்டுபிடிக்க வழி உண்டா? மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தப் பாலைக் கொடுக்கலாமா?

– ஒரு வாசகி, திட்டக்குடி

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. கறந்த பாலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கிருமி பெருகாமல் தடுக்கும் இயற்கையான சக்தி உண்டு. அதன் பிறகு நம் ஊர்க் கோடை வெயிலில் சில மணி நேரத்தில் புளிப்பு ஏறிவிடும். காலையில் வாங்கிய பச்சைப் பால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமலே சாயங்காலம் வரை தாங்கியது என்றால், கிருமி வளர விடாமல் ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. தயிர் உறையாததும் அதையே காட்டுகிறது, ஏனென்றால் பாலைப் புளிக்க வைப்பதும் உறைய வைப்பதும் ஒரே வகைக் கிருமிகள்தான். ஆனால் அந்த 'ஏதோ ஒன்று' பெராக்சைடாகவும் இருக்கலாம், ஃபார்மலினாகவும் இருக்கலாம், கேன் கழுவிய பிளீச்சிங் பவுடர் தண்ணீரின் மிச்சமாகவும் இருக்கலாம். மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டிருந்தால் அந்த ஆன்டிபயாடிக் பாலில் இறங்கியும் தயிரைக் கெடுக்கும். எது என்று தெரியாமல் பால்காரர் மேல் பழி போட வேண்டாம்.

முதலில் பெராக்சைடு. காயம் கழுவ மருந்துக் கடையில் விற்கிறார்களே, அதே பொருள்தான். தொழிற்சாலைகளுக்கு வருவது அதைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. பாலில் விட்டால் கிருமிகளைக் கொன்று, தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். பச்சைப் பாலில் இயல்பாகவே உள்ள கேட்டலேஸ் என்ற நொதி இந்தப் பிரிவை வேகப்படுத்தும், காய்ச்சினால் இன்னும் வேகமாகப் பிரியும். கலப்படக்காரருக்கு இதுதான் வசதி. விடியற்காலையில் கலந்தது, நேரம் ஆக ஆகத் தன் தடயத்தைத் தானே அழித்துக்கொள்கிறது. அதனால் சோதனை செய்ய விரும்பினால் பால் வந்த உடனே, காய்ச்சாமல் செய்ய வேண்டும். சாயங்காலம் வரை வைத்துவிட்டுச் செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை.

சோதனைக்கு வேண்டிய பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்திலேயே இருக்கும். பள்ளியில் தெரிந்த ஆசிரியர் இருந்தால் அவர் மேற்பார்வையில் செய்யுங்கள். 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை 10 மி.லி. தண்ணீரில் கரைக்க வேண்டும். 0.1 கிராம் ஸ்டார்ச்சை 10 மி.லி. தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். இரண்டையும் சம அளவு கலந்தால் சோதனைக் கரைசல் தயார். 1 மி.லி. பச்சைப் பாலில் 1 மி.லி. கரைசலை விட்டுக் குலுக்குங்கள். நீலம் வந்தால் பெராக்சைடு இருக்கிறது என்று பொருள். பெராக்சைடு அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கிறது, அயோடின் ஸ்டார்ச்சோடு சேர்ந்து நீலமாகிறது, அவ்வளவுதான். கரைசலை வெளிச்சம் படாமல் வைத்து, அன்றே பயன்படுத்துங்கள்.

இதை ஒற்றை டெஸ்ட் ட்யூபில் செய்யாதீர்கள், நான்கு வேண்டும். முதலாவதில் வெறும் தண்ணீர். அதிலேயே நீலம் வந்தால் கரைசல் கெட்டுப்போயிருக்கிறது. இரண்டாவதில் உங்கள் கண்முன் கறந்த, நம்பகமான பால். இதிலும் நிறம் வரக் கூடாது. மூன்றாவதில், அதே நம்பகமான பால் 100 மி.லி.யில் மருந்துக் கடைப் பெராக்சைடு ஐந்து சொட்டு கலந்து, உடனே அதிலிருந்து 1 மி.லி. இதில் நீலம் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் சோதனையே வேலை செய்யவில்லை. நான்காவதில் சந்தேகத்துக்குரிய பால். முதல் மூன்றும் சொன்னபடி வந்தால்தான் நான்காவது சொல்வதை நம்பலாம். மிச்சமான 100 மி.லி. பாலை யாரும் குடித்துவிடாமல் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.

நான்காவது ட்யூபில் நீலம் வந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பிளீச்சிங் பவுடரின் குளோரினும் இதே நீலத்தைத் தரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆய்வகத்தில் வனேடியம் பென்டாக்சைடு கரைசல் வைத்திருப்பார்கள். பெராக்சைடு இருந்தால் அது இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ மாறும். எனவே வீட்டுச் சோதனையில் வரும் நீலம் புகார் கொடுக்கப் போதுமான காரணம்; பால்காரரைக் குற்றவாளியாக்கப் போதாது. நிறம் வராததும் பால் சுத்தம் என்பதற்குச் சான்றாகாது. கலந்தது ஏற்கெனவே பிரிந்து போயிருக்கலாம்.

உங்கள் தயிரிலும் ஒரு துப்பு இருக்கிறது. நன்றாகக் காய்ச்சிய பாலில் பெராக்சைடு பெரும்பாலும் போய்விடுவதால், ஆறவைத்து உறை ஊற்றினால் தயிர் உறைய வேண்டும். நம்பகமான பாலையும் இந்தப் பாலையும் ஒரே மாதிரி காய்ச்சி, ஒரே தயிரில் ஒரே அளவு உறை ஊற்றி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அது உறைந்து இது மட்டும் உறையாமல் போனால், காய்ச்சியும் போகாத பொருள் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆன்டிபயாடிக்கோ ஃபார்மலினோ அப்படிப்பட்டவை.

ஃபார்மலின் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. டெஸ்ட் ட்யூபில் 10 மி.லி. பால் எடுத்து, ஃபெரிக் குளோரைடு சிறிதளவு சேர்த்த அடர் கந்தக அமிலம் 5 மி.லி.யை ஓரமாக, குலுக்காமல் இறக்குவார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றினால் ஃபார்மலின் உண்டு. அந்த அமிலம் கையில் தெறித்தால் தோல் வெந்துவிடும். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டப்படி எடுக்கும் பால் மாதிரி வழியில் கெடாமலிருக்க, 25 மி.லி.க்கு இரண்டு சொட்டு என்ற கணக்கில் அதிகாரிகளே ஃபார்மலின் சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்த்த மாதிரியில் 'ஃபார்மலின் உண்டா?' என்று தேடுவது வீண் வேலை. ஃபார்மலின் சந்தேகம் என்று முன்கூட்டியே சொல்லி, எதுவும் சேர்க்காமல் ஐஸில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி உடல்நலம். பெராக்சைடு சிறிதளவே இருந்து, பால் நன்றாகக் காய்ச்சப்பட்டிருந்தால், அந்த மிச்சமே விஷமாகிவிடாது. ஆனால் கலப்பவர் அளந்து ஊற்றுவதில்லை. தொழிற்சாலைத் தரத்தில் உள்ள அடர்த்தியான திரவம் ஒரு கேனில் கூடுதலாக விழுந்தால் தொண்டை, வயிறு எரிச்சலும் வாந்தியும் வரும், குழந்தைகளுக்கு அது கடுமையாகவே இருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து, அது எதை மறைக்கிறது என்பதுதான். அழுக்கு கேனிலும் வெயிலிலும் ஏற்கெனவே கிருமி பெருகிய பாலுக்குத்தான் பெராக்சைடு தேவைப்படுகிறது. அது கிருமியைக் கொல்லலாம், கிருமி விட்டுப்போன நச்சைப் போக்காது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு காய்ச்சினாலும் அழியாது. பால் திரிவது நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. பெராக்சைடு அந்த எச்சரிக்கையைத்தான் அணைத்துவிடுகிறது. இந்தியாவில் பச்சைப் பாலில் இதைச் சேர்க்க அனுமதி இல்லை.

ஃபார்மலின் வேறு ரகம். ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர் அது, பிணம் கெடாமல் வைக்கப் பயன்படுவது. பாலின் புரதத்தோடு பிணைந்து அதைச் செரிக்கக் கடினமாக்கும், குடலை அரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அந்தச் சான்று முக்கியமாகத் தொழிற்சாலைகளில் அதைச் சுவாசித்தவர்களிடமிருந்து கிடைத்தது. குடித்தால் எவ்வளவு ஆபத்து என்பதை அது நேரடியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் பாலில் ஒரு சொட்டு கூடச் சேர்க்கக் கூடாத பொருள் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

2017 மே மாதம் அன்றைய பால்வளத் துறை அமைச்சர் கே.டி.ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள், புற்றுநோய் வருகிறது என்று பேசியது உண்மை. சில தனியார் நிறுவனங்கள் வழக்குத் தொடுக்க, ஆதாரம் இல்லாமல் அப்படிப் பேசக் கூடாது என்று அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பாக்கெட் பால் கெடாமலிருக்க மருந்து தேவையில்லை. 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிரவைத்து, குளிரிலேயே கொண்டுவந்தால் போதும். மாதக்கணக்கில் தாங்கும் அட்டைப்பெட்டிப் பால், 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் அடைத்தது. வெளியில் வைத்தும் கெடாத பச்சைப் பாலுக்கு இப்படி எந்த விளக்கமும் இல்லை.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என்று கண்டது 12. அதில் ஆறில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தது. அந்த 12-ல் ஒன்றுகூடத் தமிழ்நாட்டு மாதிரி இல்லை. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முழு நிம்மதிக்கு இடமில்லை. அந்த ஆய்வு 50,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் நடந்தது. திட்டக்குடி அளவுள்ள ஊர்கள் அதில் வராது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தெளிவாகும் வரை குழந்தைக்கு இந்தப் பாலைக் கொடுக்காதீர்கள். பாக்கெட் பாலோ, கண்முன் கறந்த பாலோ வாங்குங்கள். கேனை எதில் கழுவுகிறார், மாட்டுக்கு ஊசி போட்டார்களா என்று பால்காரரிடமே கேளுங்கள். பிறகும் சந்தேகம் தீராவிட்டால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யுங்கள். பால் வந்து சேரும் நேரத்திலேயே மாதிரி எடுக்க வரும்படி அதில் எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் கட்டி, நீங்களே அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.