டிவி ஆஃபரை ஒப்பிடுறதுக்கு முன்னாடி மாடல் நம்பரைப் படிங்க



ஒரு கடையில் "எல்.ஜி. 43 இன்ச் 4கே, 7500 சீரிஸ், எம்.ஆர்.பி. 50,000, தள்ளுபடி 40%, விலை 30,000 ரூபாய்"னு போர்டு வச்சிருக்காங்க. அடுத்த தெருவில் இருக்கிற கடையிலும் அதே எல்.ஜி. 43 இன்ச், அதே 7500 சீரிஸ், அதே எம்.ஆர்.பி. ஆனா தள்ளுபடி 37%தான், விலை 31,500 ரூபாய். நீங்க எந்தக் கடைக்குப் போவீங்க?

பெரும்பாலும் முதல் கடைக்குத்தான் போவோம். ஒரே டிவி, 1,500 ரூபாய் மிச்சம்னு தோணும். ஆனா ரெண்டும் ஒரே டிவிதானான்னு நமக்கு இன்னும் தெரியாது. "43 இன்ச் 7500 சீரிஸ்"ங்கிறது முழு மாடல் நம்பர் கிடையாது. முழு நம்பரைப் பார்த்தா முதல் கடையில் இருக்கிறது 2022 மாடலாவும், ரெண்டாவது கடையில் இருக்கிறது 2023 மாடலாவும் இருக்கலாம். விலை, தள்ளுபடி எல்லாம் நான் ஒரு உதாரணத்துக்குச் சொன்னது. ஆனா மாடல் நம்பர்கள் நிஜமானவை. அவற்றை எப்படிப் படிக்கிறதுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முழு நம்பர் எங்கே இருக்கும்?

அட்டைப்பெட்டியின் பக்கவாட்டு லேபிள்ல இருக்கும், டிவிக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயும் இருக்கும். ஆன்லைன்னா தலைப்பை நம்பாதீங்க. கீழே விவரப் பட்டியல்ல மாடல் நம்பர்னு தனியா ஒரு வரி இருக்கும், அதை எடுங்க. கடையில் போர்டைப் பார்க்காம, "பில்லில் எந்த நம்பர் போடுவீங்களோ அதை முழுசா எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. கடைசி எழுத்து வரைக்கும் வேணும்.

எல்.ஜி.: ஒரே 7500, மூணு வருஷம்

இந்த மூணு நம்பரையும் பாருங்க. மூணுமே இந்தியாவில் விற்பனைக்கு வந்தவை.

```
43UP7500PTZ
43UQ7500PSF
43UR7500PSC
```

முதல்ல இருக்கிற 43 அளவு. இது மூலைக்கு மூலை அளந்த இன்ச், டிவியோட அகலம் இல்லை. அடுத்த எழுத்து U. இது சாதாரண எல்.இ.டி. பின்விளக்கு உள்ள 4கே எல்.சி.டி. வகைன்னு சொல்லுது. அதுக்கு அடுத்த எழுத்துதான் நமக்கு முக்கியம், அது வருஷம். N 2020, P 2021, Q 2022, R 2023, T 2024. நடுவில் O, S ரெண்டையும் விட்டுட்டாங்க. 7500ங்கிறது சீரிஸ், அதாவது அந்த வருஷ வரிசையில் இந்த டிவி எந்தப் படியில் நிக்குதுங்கிற எண். கடைசி மூணு எழுத்து, எந்தச் சந்தைக்காகத் தயாரானது, அதில் எந்த வகைங்கிறதுக்கான குறியீடு.

கடைக்காரர் வாயில் வர்றது "7500" மட்டும்தான். அந்த எண் மூணு வருஷமும் மாறவே இல்லை. மாறினது அதுக்கு முன்னாடி இருக்கிற ஒரே ஒரு எழுத்து. நாம அந்த எழுத்தைக் கேட்கலைன்னா, ஒரு வருஷம் பழைய டிவியைப் புது டிவியோட ஒப்பிட்டுட்டு "இது விலை கம்மி"ன்னு சந்தோஷப்படுவோம்.

எல்.ஜி.யின் ஓ.எல்.இ.டி. டிவியில் முறை வேற. OLED55C3PSA அப்படின்னா 55 இன்ச், C சீரிஸ், 3ன்னா 2023. C2 2022, C4 2024.

சாம்சங்: வருஷ எழுத்து இடம் மாறும்

```
UA43CU7700KLXL
QA55Q60CAKLXL
QA55S90CAKLXL
```

முதல் நம்பர்ல U எல்.இ.டி., A எந்தப் பகுதிக்கான மாடல்ங்கிறதைக் காட்டுற எழுத்து, 43 இன்ச். அடுத்து வர்ற C தான் வருஷம், 2023. அதுக்குப் பின்னாடி இருக்கிற U 4கே, 7700 சீரிஸ். ரெண்டாவது நம்பர்ல அதே C, சீரிஸ் எண்ணுக்குப் பின்னாடி போயிடுச்சு: Q60, அப்புறம் C. மூணாவதுலயும் அப்படித்தான்: S90, அப்புறம் C. மூணுமே 2023 டிவிகள். வரிசை இதுதான்: A 2021, B 2022, C 2023, D 2024. அடுத்து E வரணும், ஆனா அதை விட்டுட்டு 2025க்கு F போட்டாங்க.

இங்கே ஒரு குழப்பம் வரும். UA43CUE60AKLXLனு ஒரு மாடல் இருக்கு. அதில் E இருக்கு, A இருக்கு, C இருக்கு. எது வருஷம்? அளவுக்கு அடுத்து வர்ற C தான். E60 சீரிஸ் பெயர். அதாவது இதுவும் 2023 டிவிதான். இப்போ ஒரு கடையில் CU7700, ஆன்லைன்ல CUE60 இருக்குன்னு வைங்க. "ஆன்லைன் விலைக்குத் தருவீங்களா?"ன்னு கேட்டா, "அது வேற மாடல் சார்"னு பதில் வரும். அவர் சொல்றது உண்மைதான், நம்பர் வேற. அதனால விலையை மட்டும் வச்சுப் பேசாம, ரெண்டோட விவரப் பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எத்தனை எச்.டி.எம்.ஐ. போர்ட், ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ்னு பாருங்க. வித்தியாசம் இருந்தா, அதுக்கு அந்தக் கூடுதல் விலை தகுமான்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

பேனல் வகை: எந்த எழுத்தைப் பார்க்கணும்?

மேலே சாம்சங்ல ரெண்டாவது, மூணாவது நம்பர் ரெண்டுமே Q-வில்தான் ஆரம்பிக்குது. ஆனா பேனல் ஒண்ணு கிடையாது. Q60 கியூ.எல்.இ.டி. அது பின்விளக்கு உள்ள எல்.சி.டி.தான், நிறத்தைக் கூட்ட குவாண்டம் டாட் அடுக்கு சேர்த்திருக்காங்க. S90 ஓ.எல்.இ.டி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேணும்னா அந்தப் புள்ளியே அணைஞ்சிடும். ரெண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கு. அதனால முதல் எழுத்தோட நிறுத்தாம, அளவுக்கு அடுத்து வர்ற எழுத்தையும் பாருங்க.

சோனியிலயும் இதே கதை. XR-55X90L, XR-55A80L ரெண்டும் XR, ரெண்டும் 55, ரெண்டிலும் கடைசி L, அதாவது 2023. நடுவில் X இருந்தா எல்.இ.டி., A இருந்தா ஓ.எல்.இ.டி. எல்.ஜி.யில் QNEDனு பார்த்தா OLED மாதிரி கண்ணுக்குத் தெரியும், ஆனா அதுவும் எல்.சி.டி. குடும்பம்தான்.

இப்போ அந்த ரெண்டு கடைக்கு வருவோம்

முதல் கடையில் எழுதி வாங்கின நம்பர் 43UQ7500PSF, ரெண்டாவது கடையில் 43UR7500PSCன்னு வச்சுப்போம். பேனல் வகை, அளவு, சீரிஸ் எல்லாம் ஒண்ணு. வருஷம் மட்டும் 2022, 2023.

ஸ்மார்ட் டிவியின் மென்பொருள் வயசு நாம வாங்கின தேதியில் இருந்து ஓடுறதில்லை, மாடல் வெளிவந்த வருஷத்தில் இருந்து ஓடுது. கணக்குக்காக, ஒரு மாடல் வெளிவந்து 8 வருஷம் வரைக்கும் ஆப்கள் ஒழுங்கா ஓடும்னு எடுத்துப்போம். இது என்னோட அனுமானம்தான், நீங்க 7ன்னு வச்சும் போட்டுப் பார்க்கலாம். 2025 டிசம்பர்ல வாங்குறோம்.

2022 மாடல் 2030 வரைக்கும், அதாவது 5 வருஷம். 30,000ஐ 5ஆல் வகுத்தா வருஷத்துக்கு 6,000 ரூபாய்.

2023 மாடல் 2031 வரைக்கும், அதாவது 6 வருஷம். 31,500ஐ 6ஆல் வகுத்தா வருஷத்துக்கு 5,250 ரூபாய்.

தள்ளுபடி அதிகமா இருந்த டிவிதான் வருஷக் கணக்கில் விலை கூடினது. அப்போ பழைய மாடலை எந்த விலைக்கு வாங்கலாம்? 5,250ஐ 5ஆல் பெருக்குங்க, 26,250 ரூபாய். அந்த விலைக்கோ அதுக்குக் கீழேயோ கொடுத்தா பழைய மாடல் நல்ல டீல். கடையில் பேரம் பேசும்போது இந்த எண்ணைக் கையில் வச்சுக்கோங்க. "இது Q, 2022 மாடல்"னு நீங்க சொன்னதும் பேச்சு வேற மாதிரி போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் செட் டாப் பாக்ஸ் மட்டும்தான், இல்லைன்னா தனியா ஒரு ஸ்டிக் போட்டுத்தான் படம் பார்ப்போம்னா, டிவிக்குள்ள இருக்கிற மென்பொருள் வயசு உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. அப்போ அந்த 1,500 ரூபாய் மிச்சம் உண்மையிலேயே மிச்சம்தான்.

பழைய ஸ்டாக்னா வரியையும் பாருங்க. 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜி.எஸ்.டி. 28%ல இருந்து 18% ஆயிடுச்சு. வரியோட சேர்த்து 40,000க்கு வித்த டிவியோட அடிப்படை விலை 31,250. அதுக்கு 18% சேர்த்தா 36,875. அதாவது பழைய விலையில் இருந்து 3,125 குறைஞ்சா அது வரிக் குறைப்பு மட்டும்தான். அதுக்கு மேல குறையுறதுதான் கடை தர்ற தள்ளுபடி.

நம்பர் சொல்லாத விஷயங்கள்

பெட்டியில் தயாரிப்பு மாதம், வருஷம் அச்சடிச்சிருப்பாங்க. அது வேற, மாடல் வருஷம் வேற. 2022ல அறிமுகமான மாடலை 2023லயும் தயாரிச்சிருக்கலாம். பெட்டியில் புதுத் தேதி இருக்குங்கிறதால அது புது மாடல் ஆகிடாது.

ரெண்டாவது, எல்.சி.டி. பேனலுக்குள்ளயே ஐ.பி.எஸ்., வி.ஏ.ன்னு ரெண்டு ரகம் இருக்கு. இதை நம்பர் சொல்லாது. ஐ.பி.எஸ். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது, ஆனா இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாத் தெரியும். வி.ஏ.யில் நேரே பார்த்தா கறுப்பு ஆழமா இருக்கும், பக்கத்துக்கு நகர்ந்தா நிறம் மங்கும். கடையில் ஓடுற பளிச்னு இருக்கிற டெமோ வீடியோவில் இது தெரியாது. யூடியூப்ல ஒரு இருட்டுக் காட்சியைப் போடச் சொல்லி, நேரா ஒரு தடவை, ஓரமா நின்னு ஒரு தடவை பாருங்க. உங்க ஹால்ல எல்லாரும் நேரே உட்காருவாங்களா, சுத்தி உட்காருவாங்களாங்கிறதைப் பொறுத்து முடிவு எடுங்க.

பணம் கொடுத்த பிறகு

முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கணும். "43 இன்ச் எல்.இ.டி. டிவி"ன்னு மட்டும் போட்ட பில்லை வாங்காதீங்க, நாளைக்கு வாரண்டி கேட்கும்போது சிக்கல் ஆகும். டிவி வீட்டுக்கு வந்ததும், பிரிக்கிறதுக்கு முன்னாடி பெட்டி லேபிளைப் பில்லோட ஒப்பிடுங்க. மாட்டின பிறகு செட்டிங்ஸ்ல சப்போர்ட் பகுதிக்குப் போனா அங்கேயும் மாடல் நம்பர் காட்டும். பில், பெட்டி, திரை மூணுலயும் ஒரே நம்பர் இருக்கணும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும், இன்ஸ்டால் பண்ண வந்தவர் கிளம்புறதுக்கு முன்னாடியே கடைக்குப் போன் பண்ணிடுங்க.