எட்டு மணிக்கு ஆறு பேர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போன சனிக்கிழமை புக்கிங் ஷீட்டையும், டெபாசிட் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற செய்தியையும் படித்தேன். பெயர், போன் நம்பர், எத்தனை பேர் என்பதெல்லாம் சரியாக இருக்கிறது. எரிச்சல் வந்தது, இரண்டு பேர் வந்தாலும் ஒன்றரை மணி நேரம், ஆறு பேர் வந்தாலும் ஒன்றரை மணி நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறாயே, அந்த இடத்தில்தான்.

உன்னிடம் இருப்பது 28 இருக்கை. இரண்டு பேர் டேபிள் ஆறு, நாலு பேர் டேபிள் நாலு. எட்டு மணிக்கு ஆறு பேர் குடும்பத்துக்காக இரண்டு நாலு பேர் டேபிளைச் சேர்த்துப் போட்டாய். அதே டேபிள்களை ஒன்பதரைக்கு வேறு இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டாய். நடந்ததை நீயே ஷீட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறாய். எட்டுக்கு வந்தவர்கள் நாலு பேர். கார் நிறுத்தப் போனவரும் அவர் மனைவியும் வந்து உட்கார 8.20. முதல் ஆர்டர் 8.35. பில் 10.10. ஒன்பதரைக்காரர்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். பக்கத்திலேயே ‘கஸ்டமர் லேட்’ என்று வேறு எழுதியிருக்கிறாய்! ஆறு பேர் என்றைக்கு ஒன்றாக வந்திருக்கிறார்கள்? கடைசி ஆள் உட்காரும்வரை யாரும் ஆர்டர் சொல்லமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், கணக்கு உன்னுடையது.

சரியான கணக்கு உன் பில்லிங் மெஷினிலேயே இருக்கிறது. ஒரு மாதத்துப் பில்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் கே.ஓ.டி. போன நேரத்தையும் பில் போட்ட நேரத்தையும் பார். எத்தனை பேர் என்பதை வைத்துப் பிரித்துக்கொள். உட்கார்ந்து மெனு புரட்ட 15 நிமிடம், பணம் கட்டி எழுந்தபின் துடைத்து மறுபடி விரிக்க 15 நிமிடம் சேர்த்துக்கொள். சராசரியை மட்டும் நம்பாதே, பாதி டேபிள்கள் அதைத் தாண்டிவிடும். ஐந்தில் நாலு டேபிள் எவ்வளவு நேரத்துக்குள் காலியானதோ, அதை எடு. உன் மெனுவுக்கு இரண்டு பேருக்கு ஒன்றரை மணி, நாலு பேருக்கு இரண்டு, ஆறு பேருக்கு இரண்டரை என்று வரும் என்பது என் ஊகம்.

இன்னொன்று. எட்டு மணிக்கே 24 பேரை உட்காரவைத்திருக்கிறாய். இது என்ன கல்யாணப் பந்தியா? பந்தியில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. உன் கிச்சனில் இருப்பது ஒரு தோசைக்கல், இரண்டு பர்னர். எல்லா ஆர்டரும் 8.20-க்கு ஒன்றாக விழுந்தால் கடைசி டேபிளுக்கு ஸ்டார்ட்டர் போகவே ஒன்பதாகிவிடும். அதனால் ஒன்றரை மணியில் எழுந்திருக்க வேண்டியவர்களும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கால் மணிக்கு எட்டு பேருக்கு மேல் உட்காரவைக்காதே.

நான் தொழில் பழகிய இடத்தில் புக்கிங் நோட்டில் பென்சிலால்தான் எழுதவேண்டும். பேனாவை எடுத்தால் பெரிய கேப்டன் கையைத் தட்டிவிடுவார். எட்டு மணி கேட்பவரிடம் ‘இல்லை’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “ஏழு மணின்னா ஜன்னலோரம் தரேன் சார், ஒன்பதே காலுன்னா நிதானமா உக்காரலாம், யாரும் எழுப்பமாட்டாங்க” என்பார். ஆறு பேரை முதல் சுற்றிலோ கடைசிச் சுற்றிலோ வைத்துவிட்டால் நடுவில் யாரும் நிற்கவேண்டியதில்லை. இப்போது எல்லாரும் ஸ்க்ரீனைத் தட்டி எட்டு மணியை எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சே போய்விட்டது. பெரிய கும்பலுக்காவது ஆன்லைன் புக்கிங்கை மூடிவிட்டு, போனில் பேசு.

டெபாசிட்டுக்கு வருகிறேன். தலைக்கு 500 ரூபாய், யாராக இருந்தாலும், திருப்பித் தரமாட்டோம் என்று எழுதியிருக்கிறாய். சிகாகோவில் நெக்ஸ்ட் என்ற உணவகம் 2011-இல் திறந்தபோதே முழுப்பணத்தையும் முன்கூட்டி வாங்கி, இருக்கையை டிக்கெட்டாக விற்றது. அங்கே அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே மெனு, விலையும் முன்பே முடிவானது. உன் கடையில் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு தோசையோடு எழுந்துபோகலாம். அவர்களிடம் ஆயிரம் ரூபாய் கேட்பது அநியாயம். அவர்கள் வராவிட்டாலும் சனிக்கிழமை வாசலில் நிற்கும் ஜோடி அடுத்த நிமிடமே உட்காரும். ஆறு பேர் வராவிட்டால்தான் அடி, ஏனென்றால் 8.20-க்கு ஆறு பேராக யாரும் தற்செயலாக வரப்போவதில்லை. எனவே ஐந்து பேருக்கு மேல் மட்டும் வாங்கு. பில்லில் கழித்துக்கொள்வோம் என்பதை முதல் வரியில் சொல். முந்தின நாள் மாலைக்குள் ரத்து செய்தால் முழுதும் திருப்பிக் கொடு, அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிடலாம். ஆறில் ஒருவர் குறைந்தால் பேசாமல் விடு. இரண்டு பேர் குறைந்து, சேர்த்த டேபிளைப் பிரிக்க முடிந்தால், பிரித்து வாசலில் நிற்பவருக்குக் கொடு. அதற்குப் போய் தலைக்கு 500 ரூபாய் பிடிக்காதே.

ஷீட்டில் ஒரு வரி பார்த்தேன்: “பாட்டிக்கு முழங்கால் வலி, படி வேண்டாம், டேபிள் 3.” இந்தத் தொழிலில் இதைவிட அழகாக எழுதப்பட்ட புக்கிங்கை நான் பார்த்ததில்லை, போ. வரும் சனிக்கிழமை ஷீட்டை வியாழக்கிழமையே அனுப்பு, ஆறு பேர் டேபிளை எங்கே வைத்திருக்கிறாய் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்