போன பணமும் மீதிப் படிப்பும்

வியாபாரிகளாகிய நமக்கு ஒரு கணக்கு கடையில் நன்றாகத் தெரியும். அதே கணக்கு வீட்டுக்குள் வந்துவிட்டால் தெரியாமற் போய்விடுகிறது. கடையில் தெரியும் என்பதும் முழு உண்மையல்ல. 2020ஆம் ஆண்டில் நாம் முகக்கவசப் பெட்டி ஒன்று 55 வெள்ளி வீதம் அறுபது பெட்டிகள் கொள்முதல் செய்தோம். மறு ஆண்டு விலை பத்து வெள்ளிக்கு இறங்கியது. "55 போட்டு வாங்கியதைப் பத்துக்குக் கொடுப்பதா?" என்று மீதி முப்பது பெட்டிகளை ஓராண்டுக்கு மேல் அடுக்கிலேயே வைத்திருந்தோம். கடைசியில் ஆறு வெள்ளிக்குப் போயிற்று. அந்த 55 வெள்ளி, நாம் கொடுத்த அன்றே போய்விட்ட பணம். பெட்டியை விற்றாலும் அது திரும்பாது, வைத்திருந்தாலும் திரும்பாது. அன்று நம் முன் இருந்த கேள்வி, கிடைக்கிற பத்தை வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் பால்மாவு அடுக்குவதா, மாட்டேன் என்று காத்திருப்பதா என்பது மாத்திரமே.

இப்படித் திரும்பாத பணத்தைப் பொருளாதாரம் படித்தவர்கள் 'மூழ்கிய செலவு' என்கிறார்கள். நம் கடைக்கு வரும் விரிவுரையாளர் ஒருவர் இதைப் பற்றி ஒரு பரிசோதனையைச் சொன்னார். அமெரிக்காவின் ஓஹாயோ பல்கலைக் கழக நாடக மன்றத்தில், ஆண்டுச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் சீட்டைக் கொடுத்தார்களாம். யாருக்கு எது என்பது குலுக்கலைப் போலத்தான். முழு விலை கொடுத்தவர்களே முதல் பாதி ஆண்டில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றே, இருக்கையும் ஒன்றே. கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது. ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985ல் இதை வெளியிட்டார்கள். பிற்பாதி ஆண்டில் அந்த வேற்றுமை மங்கிவிட்டதாம். காசு கொடுத்த வலி ஆறிவிட்டது போலும்.

நாடகச் சீட்டானால் ஒரு மாலைப் பொழுதோடு போயிற்று. நம் மூத்த பையன் விஷயம் அப்படியல்ல. கோலாலம்பூரில் ஏ.சி.சி.ஏ. என்னும் கணக்காளர் படிப்பில் நான்காண்டு இருந்தான். மொத்தம் பதின்மூன்று தாள்கள், ஏழு தேறியிருந்தான். செலவு 52,000 வெள்ளி. அதில் 12,000 மச்சானிடம் வாங்கிய கைமாற்று. ஓர் இரவு பேசினான்: "அத்தா, முடியலன்னு சொல்லல. பிடிக்கல." குளிர்சாதன வேலை கற்க வேண்டும் என்றான். விடுமுறைகளில் நம் நண்பர் ஒருவரின் குளிரறை பழுது பார்க்கும் பட்டறைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அதை நாம் பொழுதுபோக்கென்று எண்ணியிருந்தோம்.

நாம் சத்தம் போட்டோம். "நாலு வருஷமும் ஐம்பத்திரண்டாயிரமும் போட்டாச்சு. இப்போ விட்டா எல்லாம் வீண்!" அடுப்படியிலிருந்து அவன் அம்மா ஒரே வார்த்தை சொன்னார்: "முகக்கவசப் பெட்டியையும் இப்படித்தான் வச்சிருந்தீங்க." அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, கடைச் சிட்டையின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, முடிப்பது ஒரு பக்கம், விடுவது ஒரு பக்கம் என்று எழுதினோம்.

முதலில் எழுதியது 52,000. எழுதிய பின்தான் தெரிந்தது, அது இரண்டு பக்கத்திலும் வருகிறது. முடித்தாலும் அது போனதுதான், விட்டாலும் போனதுதான். இரண்டு பக்கமும் ஒரே தொகை இருந்தால் முடிவை அது மாற்றாது, அடித்துவிட்டோம். மச்சான் கடனும் அப்படியே. எப்படியும் கொடுக்க வேண்டியதுதான். அரசாங்கக் கல்விக் கடன் வாங்கியவர்களும் இவ்வாறே கணக்கிட வேண்டும்: வாங்கியதை, பட்டம் பெற்றாலும் பெறாவிட்டாலும் பொதுவாகத் திருப்பித்தான் ஆக வேண்டும், இனி வாங்கப் போகும் கடன் மாத்திரம் முடிக்கும் பக்கத்தில் வரும். ஆனால் நடுவில் விட்டால் உதவித் தொகையைத் திருப்பிக் கட்டு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், அது மூழ்கிய செலவல்ல. விடுவதனால் இனிமேல் வரும் செலவு. விடும் பக்கத்தில் அவசியம் எழுத வேண்டும்.

இரண்டாவது விஷயத்தில் நாம் ஏறக்குறைய தவறியிருப்போம். 52,000த்தை அடித்த கையோடு தேறிய ஏழு தாள்களையும் அடிக்கப் போனோம். அது பிசகு. பணம் போய்விட்டது, தேறிய தாள்கள் கையில் இருக்கின்றன. வாங்கிய விலையை மறக்கலாம், கையிருப்புச் சரக்கை மறக்கலாகாது. ஒரே ஒரு தாள்தான் பாக்கி என்றால், பிடிக்காவிட்டாலும் முடித்துவிடு என்றுதான் நாம் சொல்லியிருப்போம். முன்பு போட்ட பணத்துக்காக அல்ல. மீதி வழி குறுகியது, மலிவானது என்பதற்காக.

நம் பையனுக்கு மீதி ஆறு தாள்கள். அவன் போகும் வேகத்தில் இரண்டாண்டு. கட்டணம், வகுப்பு, ஆண்டுச் சந்தா எல்லாம் 16,000. அறையும் சாப்பாடும் மாதம் 800 வீதம் 19,200. ஆக 35,200. அந்த இரண்டாண்டில் பட்டறையில் கிடைக்கக்கூடிய கூலியும் இழப்புதான். மாதம் 1,700 என்று வைத்தால் 40,800. ஆக, முடிப்பதன் விலை 76,000 வெள்ளி. இந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்தபோதுதான் நமக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. பதின்மூன்று தாள்களும் தேறினால் மாத்திரம் உறுப்பினராகிவிட முடியாது. அத்துறையில் மூன்றாண்டு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். அந்த வேலையையே வேண்டாம் என்பவன் அந்த மூன்றாண்டுக்கு எங்கே போவான்?

இருந்தாலும் நமக்கு ஒரு சந்தேகம். ஒரு தாளில் இருமுறை தவறியவன். பரீட்சை மேலுள்ள கசப்பை வேலை மேலுள்ள கசப்பென்று எண்ணுகிறானோ? ஆகையால் தெரிந்த கணக்காய்வு அலுவலகத்தில் மூன்று வாரம் உட்கார வைத்தோம். பரீட்சை இல்லை, ரசீதும் பேரேடும்தான். மூன்று வாரம் கழித்தும் அவன் பேச்சு மாறவில்லை. "கணக்கு புரியுது அத்தா. நாள் பூரா அதுல உட்கார முடியல" என்றான். சோம்பல் என்று சொல்லவும் வழியில்லை. பட்டறைக்கு அதிகாலையிலேயே போகிறவன்.

நாம் முடிப்பது, விடுவது என்று இரண்டே கோடு போட்டதும் அவசரம்தான். மீதி ஆறில் இரண்டு தாள்கள் நடுப்படியைச் சேர்ந்தவை. அவ்விரண்டையும், தொழில் ஒழுக்கம் பற்றிய ஒரு பாடப் பகுதியையும் முடித்தால் உயர் டிப்ளோமா சான்றிதழ் உண்டு. வீட்டிலிருந்தே படித்தால் ஆறு மாதம், 5,000 வெள்ளிக்குள் ஆகும். ஆனால் இதுவும் பழைய பணத்தின் மேலுள்ள ஆசைதானோ என்று நம்மையே நாம் சந்தேகித்தோம். அவனிடம் இப்படிக் கேட்டோம்: "இந்த நாலு வருஷம் நடக்கவே இல்லைன்னு வச்சுக்கோ. யாரோ ஒருத்தர் வந்து, ஆறு மாசமும் ஐயாயிரமும் குடு, இந்தச் சான்றிதழ் தர்றேன்னா வாங்குவியா?" சற்று யோசித்து, "வாங்குவேன். நாளைக்குச் சொந்தப் பட்டறை வச்சா கணக்கு நம்ம கையில இருக்கும்" என்றான். "மீதி நாலு தாளை எழுபதாயிரத்துக்குத் தந்தா?" என்றோம். சிரித்துவிட்டான்.

இப்போது பகலில் பட்டறைக்குப் போகிறான். குளிர்சாதனத் தொழில் திறன் சான்றிதழின் முதல் படிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். இரவில் புத்தகம். டிசம்பரில் இரு தாள்களும் எழுதினான். ஒன்று தேறியது, மற்றதில் 46 மதிப்பெண், தேற 50 வேண்டும். மார்ச்சில் மறுபடி எழுதுகிறான். மச்சானுக்கு மாதம் முந்நூறு வீதம் நாம் கொடுத்து வருகிறோம். சென்ற மாதம் அதில் நூறு வெள்ளி பையன் கையிலிருந்து வந்தது.