ஒரு ஓரம் போதாது: வெட்டிய பக்கத்தைப் பார்த்துப் பலகையைக் கண்டுபிடிப்பது

மேலே மைக்கா ஒட்டிட்டா எல்லாப் பலகையும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே என்ன இருக்குன்னு சொல்வது வெட்டிய ஓரம் மட்டும்தான். ஆனால் ரம்பத்தின் கீறல் தெரிகிற போட்டோவில் ஒன்றும் புரியாது. முதலில் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து, ஒரு ஸ்கேலையும் சேர்த்துப் படம் எடுங்க.

பார்ட்டிகிள் போர்டைக் கண்டுபிடிப்பது சுலபம். அதில் கோடுகளே இருக்காது. நடுவில் பெரிய மரத்துணுக்குகளும், மேல் கீழ் முகங்களின் பக்கம் பொடித் துணுக்குகளும் அமுங்கிக் கிடக்கும். எந்த ஓரத்தை எடுத்தாலும் இதே தோற்றம்தான்.

பிளைவுட்டில் மெல்லிய வெனீர் அடுக்குகள் வெளிர், அடர் என்று மாறி மாறித் தெரியும். ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்ததற்குச் செங்குத்தாக ஓடுவதுதான் காரணம். நார் குறுக்கே வெட்டுப்பட்ட அடுக்கு கருமையாகவும், நீளவாக்கில் தெரியும் அடுக்கு வெளிராகவும் இருக்கும்.

சிக்கல் பண்ணுவது பிளாக் போர்டுதான். 3 அடி நீளம், 19 மி.மீ. தடிமன் உள்ள ஒரு ஷெல்ஃப் பலகையை எடுத்துக்கலாம். நீளமான ஓரத்தின் போட்டோவில் நடுப்பகுதி முழுக்க ஒரே மரமாக, நார் நீளமாக ஓடுது. பார்த்தவுடனே "இது முழு மரம்"னு சொல்லத் தோணும். ஆனால் மேலும் கீழும் மெல்லிய வெனீர் கோடுகள் இருக்கு. சந்தேகம் வந்தாச்சு, அடுத்த ஓரத்தைப் பாருங்க. குறுகிய ஓரத்தில் சுமார் 25 மி.மீ. அகலச் செவ்வகங்கள் வரிசையாக நிற்குது. ஒவ்வொன்றிலும் வளர்ச்சி வளையம் ஒவ்வொரு திசையில் வளைஞ்சிருக்கு, சில இடத்தில் இடைவெளியும் தெரியுது. அப்போ இது ரீப்பர் கட்டைகளை அடுக்கிச் செய்த பிளாக் போர்டு.

இதே படம் இன்னொன்றையும் சொல்லுது. கட்டைகள் ஷெல்ஃபின் நீளவாக்கில் ஓடுவதால் புத்தக எடையை அவை தாங்கும். செவ்வகங்கள் நீளமான ஓரத்தில் தெரிஞ்சிருந்தா, பலகையைத் தப்பான திசையில் வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அப்போது கட்டைகள் குறுக்கே கிடக்கும், எடையை வெனீரே சுமக்கணும். அந்த ஷெல்ஃப் சீக்கிரம் நடுவில் தொய்யும்.

முழு மரம்தான் என்று உறுதியானால், குறுக்கு வெட்டை இந்த முறை கூர்மையான பிளேடால் சீவுங்க. உப்புத்தாளின் தூசி துளைகளை அடைச்சிடும். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். மாமரத்தில் துளைகள் வளையத்தோடு சேராமல் பரவலாகச் சிதறிக் கிடக்கும். பைன் மரத்தில் அப்படித் துளைகளே தெரியாது, வெளிர் அடர் பட்டைகள் மட்டும் இருக்கும். நிறத்தை நம்பாதீங்க, சாயம் பூசினா பைன்கூட தேக்கு நிறத்துக்கு வந்துடும்.

போட்டோவால் சொல்ல முடியாதது பிளைவுட்டின் பசை. அது தண்ணீரைத் தாங்குமா என்பதற்குப் பலகையின் மேல் உள்ள முத்திரையைத்தான் பார்க்கணும்.